நிற்கும் காலில் எண்ணப்படும் விநாடிகள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கதிரியக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பாடவேளை நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவர்கள் நீங்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தால்தான் உயிர் வருகிறது என்று என்னிடம் சொல்லாத ஆசிரியர் குறைவு. உங்களில் சிலருக்குக் காலில் நீலமாகப் புடைத்து, நெளிந்து ஓடும் குழாய்கள் தெரியலாம். ஊரில் அதை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்போம். அறிவியல் ஆசிரியர்கள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. அது நரம்பு அல்ல, சிரை. வெரிகோஸ் வெயின் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

அதன் சிகிச்சையைப் பற்றி நான் இன்று அதிகம் பேசப் போவதில்லை. அதற்கு முன் எடுக்கும் ஸ்கேனில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணை எப்படி அளக்கிறோம், எப்படி வாசிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Lt GSV mid thigh   7.0 mm   RT 3.4 s
```

இடது காலில், தொடையின் நடுப்பகுதியில், தோலுக்குக் கீழே ஓடும் நீளமான பெரிய சிரை 7 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது. அதில் இரத்தம் 3.4 விநாடிகள் பின்னோக்கி ஓடியது. இதுதான் அந்த வரியின் பொருள். இந்த 3.4 எங்கிருந்து வந்தது?

இந்த வரிக்குரியவர் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இடது கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, கடைசியில் பத்துப் பைசா அளவுக்கு ஒரு புண் வந்திருந்தது. சர்க்கரை இல்லை. மூன்று மாதமாகக் களிம்பு மாற்றி மாற்றிப் போட்டும் ஆறவில்லை. கையில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கை ஒன்றை வைத்திருந்தார். 'குறிப்பிடத்தக்க பின்னோட்டம் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி, இது தோல் நோய்தான் என்று இருந்துவிட்டார்.

ஸ்கேன் அறைக்குள் வந்ததும் வழக்கம்போலக் கட்டிலில் ஏறப் போனார். "டீச்சர், படுக்க வேண்டாம். இந்தப் படியில் ஏறி நில்லுங்கள்" என்றேன்.

"போன தடவை படுக்க வைத்துத்தானே டாக்டர் எடுத்தார்கள்?" என்று கேட்டார்.

அவருடைய இரண்டு ஆண்டுகளை விழுங்கியது எது என்பது எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

சிரைகளின் வேலை இரத்தத்தைக் கீழிருந்து மேலே, இதயத்துக்குக் கொண்டு போவது. நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்துக்கு ஓர் இரத்தத் தூண் நிற்கிறது. இயற்பியல் ஆசிரியர்கள் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. 120-ஐ 1.06 ஆல் பெருக்கி 13.6 ஆல் வகுத்தால் 9.4 செ.மீ. பாதரசம், அதாவது சுமார் 94 மி.மீ. அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இதுதான். படுத்தால் அந்தத் தூணே இல்லை. அழுத்தம் பத்து, பதினைந்துக்கு இறங்கிவிடும்.

இந்தத் தூணுக்கு எதிராக இரத்தத்தை ஏற்றிவிடுவது ஆடுசதை. நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் அது இறுகி, உள்ளே இருக்கும் இரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. சதை தளரும்போது, ஏறிய இரத்தம் திரும்பக் கீழே விழப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சிரைக்குள் இரண்டு மெல்லிய இதழ்களாலான வால்வுகள் இருக்கின்றன. கீழே விழ முயலும் இரத்தமே அந்த இதழ்களை விரித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இதை நன்றாகக் கவனியுங்கள். வால்வைத் திறந்து மூட அங்கே தனியாகத் தசை ஏதும் கிடையாது. மூடுவதற்கே கொஞ்சம் பின்னோட்டம் தேவைப்படுகிறது. ஆகவே நல்ல வால்விலும் ஒரு நொடிப்பொழுது இரத்தம் பின்னால் வரத்தான் செய்யும். பின்னோட்டம் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

படுக்க வைத்துப் பார்ப்பதில் உள்ள சிக்கலும் இதிலிருந்தே வருகிறது. படுத்திருக்கும் காலில் இரத்தத்தைக் கீழே இழுக்கும் எடை இல்லை. பழுதான வால்வு ஒழுகுவதற்கே வாய்ப்பு கிடைக்காமல், நல்லது போலத் தெரியலாம். நேர்மாறாகவும் நடக்கலாம். இதழ்களை விரிக்கப் போதுமான வேகம் இல்லாததால் நல்ல வால்வே மெல்ல ஒழுகிக்கொண்டிருக்கலாம். அதனால் படுத்த நிலையில் எடுத்த விநாடிக் கணக்கை நான் இரண்டு பக்கமும் நம்புவதில்லை. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு. அதைப் படுக்க வைத்தே நன்றாகப் பார்க்கலாம்.

சரி, ஆசிரியையிடம் வருவோம். அகலமான படியின்மேல் என் பக்கம் திரும்பி நிற்கிறார். கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். தொடை நடுவில் ஸ்கேன் கருவியை மிக லேசாக வைக்கிறேன். அழுத்தினால் சிரை நசுங்கிவிடும். இன்னொரு கையால் ஆடுசதையை ஓரிரு விநாடி பிழிந்து, சட்டென்று விடுகிறேன். நடக்கும்போது சதை செய்வதை இங்கே என் கை செய்கிறது. இதற்கென்றே இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைக் காலில் சுற்றி, காற்றடைத்து, கண் இமைப்பதற்குள் காற்றை வெளியேற்றும் கருவியும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவான அழுத்தம் கிடைக்கும் என்பது அதன் நன்மை. பெரும்பாலான இடங்களில் கைதான்.

திரையில் முதலில் வண்ணம் தெரியும். பாடப்புத்தகத்தில் சிரைக்கு நீலம், தமனிக்குச் சிவப்பு என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். இங்கே அந்த விதி செல்லாது. ஒரு திசையில் ஓடினால் ஒரு வண்ணம், எதிர்த்திசையில் ஓடினால் மற்றது. ஒரே சிரை பிழியும்போது நீலமாகவும், விட்டதும் சிவப்பாகவும் மாறும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வண்ணத்தை வைத்து விநாடி எண்ண முடியாது. அதனால் சிரையின் நடுவில் ஒரு சிறு கட்டத்தை வைத்து, அந்த இடத்தின் ஓட்டத்தை மட்டும் வரைபடமாக ஓடவிடுகிறோம்.

இந்த வரைபடத்தை வாசிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கிடைமட்ட அச்சு நேரம், செங்குத்து அச்சு திசைவேகம். நடுவே பூச்சியக் கோடு. பிழியும்போது கோட்டுக்கு ஒரு பக்கம் உயரமான கூர்முனை எழும். அது மேலே போன இரத்தம். கையை விட்டதும் வரைபடம் கோட்டைத் தாண்டி மறுபக்கம் வரும். நல்ல வால்வாக இருந்தால் அங்கே பேனா முனையால் கிள்ளிவிட்டது போல ஒரு சிறு குறி, பிறகு அமைதி. பழுதான வால்வாக இருந்தால் மறுபக்கத்தில் ஒரு குன்று எழுந்து, மெல்லச் சரிந்து சரிந்து, விநாடிகள் கழித்துத்தான் கோட்டைத் தொடும். கோட்டைத் தாண்டிய புள்ளியில் ஒரு குறியும், திரும்பத் தொட்ட புள்ளியில் இன்னொரு குறியும் வைத்தால், இடையிலுள்ள நேரத்தைக் கருவியே எழுதிவிடும். அதுதான் பின்னோட்ட நேரம்.

ஆசிரியையின் காலில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 0.4 விநாடி. நல்ல வால்வு என்று எழுதிவிடக்கூடிய எண்!

ஆனால் கால் வேறு கதை சொன்னது. கணுக்காலில் புண், தோலில் கறுப்பு, 7 மில்லிமீட்டருக்கு விரிந்த சிரை. இத்தனையும் இருக்கும்போது 0.4 பொருந்தவில்லை. கீழே குனிந்து அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தேன். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு விறைப்பாக நின்றிருந்தார். எடை தாங்கும் காலில் ஆடுசதை ஏற்கெனவே இறுகியிருக்கும். உள்ளே இரத்தம் குறைவு. நான் பிழிந்தாலும் மேலே போக ஒன்றுமில்லை, திரும்ப வரவும் ஒன்றுமில்லை. இந்த நிலையில் வரும் குறைந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிழியும்போது எழுந்த கூர்முனையைப் பாருங்கள். அது குட்டையாக இருந்தால் பிழிந்தது போதவில்லை என்று பொருள். அந்த முயற்சியைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

"டீச்சர், முழு எடையையும் வலது காலில் போடுங்கள். இடது முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிச் சும்மா வையுங்கள்" என்றேன். அரை நிமிடம் காத்திருந்தேன். பிழிந்து வெறுமையான கால் மீண்டும் நிறைய அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு அடுத்தடுத்துப் பிழிந்தால் எண் குறைந்துகொண்டே வரும். இரண்டாம் முறை பிழிந்தேன். கூர்முனை நெடிதாக எழுந்தது. விட்டதும் குன்று. 3.4 விநாடி. மூன்றாம் முறையும் ஏறக்குறைய அதுவே.

ஒரே கால், ஒரே சிரை, ஐந்து நிமிட இடைவெளி. முதலில் 0.4, பிறகு 3.4. பயிற்சிக் காலத்தில் நானும் முதல் எண்ணோடு எத்தனை பேரை அனுப்பியிருப்பேனோ என்று அன்று யோசித்தேன்.

இனி அந்த எண்ணைத் தரம் பிரிப்பது. தோலுக்கு அருகிலுள்ள சிரைகளில் 0.5 விநாடிக்கு மேல் பின்னோட்டம் இருந்தால் வால்வு பழுது என்று கொள்கிறோம். வான் பெம்மலன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் நல்ல கால்களை நிற்கவைத்து அளந்தார்கள். மிகப் பெரும்பாலான வால்வுகள் அரை விநாடிக்குள் மூடிக்கொண்டன. எல்லை அங்கிருந்து வந்தது. 2003-இல் லாப்ரோபுலஸ் குழுவினர் ஒவ்வொரு சிரைக்கும் தனித்தனியாகப் பார்த்து, தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் உள்ள பெரிய ஆழ்சிரைகளுக்கு எல்லை 1 விநாடி என்றார்கள். அவை அகலமானவை, வால்வுகளும் குறைவு. மூடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பது அவற்றுக்கு இயல்பு.

ஆகவே விநாடியை மட்டும் பார்த்தால் போதாது, எந்தச் சிரை என்றும் பார்க்க வேண்டும். நம் ஆசிரியைக்கு முட்டிக்குப் பின்னாலுள்ள ஆழ்சிரையில் 0.6 விநாடி வந்தது. அது இயல்பு. அதே 0.6 தோலடிச் சிரையில் வந்திருந்தால் பழுது என்று எழுதியிருப்பேன். அவருக்குத் தொடை இடுக்கில், அந்த நீளமான சிரை ஆழ்சிரையோடு சேரும் சந்திப்பிலும் பார்த்தேன். அங்கே காலைப் பிழிவதோடு, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வதும் உண்டு. அந்தச் சந்திப்பு வால்வும் இரண்டு விநாடிக்கு மேல் ஒழுகியது. ஆடுசதையின் பின்பக்கச் சிறிய சிரையில் 0.3 மட்டும். இப்போது படம் தெளிவாகிவிட்டது. ஒழுகல் மேலே சந்திப்பில் தொடங்கி, ஒரே ஒரு நீளச் சிரை வழியாக இறங்கி, புண் இருக்கும் பக்கம் போய்ச் சேருகிறது. ஆழ்சிரைகள் நலமாக இருக்கின்றன, உறைகட்டி இல்லை.

எல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 35 மதிப்பெண் தேர்ச்சி, 34 தோல்வி என்பது பட்டியலுக்காக நாம் வைத்த கோடு. 34 எடுத்த பிள்ளைக்கும் 35 எடுத்த பிள்ளைக்கும் அறிவில் வேறுபாடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 0.48-க்கும் 0.52-க்கும் அப்படித்தான். காலையில் எடுத்தால் ஓர் எண், நாள் முழுக்க நின்றபின் மாலையில் எடுத்தால் இன்னோர் எண் வரலாம். குளிரூட்டிய அறையில் சிரை சுருங்கிவிடும். எல்லைக்கு அருகில் எண் வந்தால் நான் திரும்ப அளப்பேன், காலையும் பார்ப்பேன்.

அடுத்தது நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. விநாடி கூடினால் நோய் கூடியது என்று நினைக்கிறோம். ஆறு விநாடிக்காரருக்கு மூன்று விநாடிக்காரரைவிட இரட்டிப்பு நோய் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

பின்னோட்டம் ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். வால்வு பழுதான காலில் அதை நிறுத்த எதுவுமில்லை. கீழே பிழிந்து காலியாக்கிய இடம் நிறைந்துவிட்டது, அதனால் நிற்கிறது. வாளி நிறைந்ததும் குழாய்த் தண்ணீருக்கு இடமில்லாமல் போவது போல. பிழிந்ததில் 60 மில்லி வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய சிரை வழியாக விநாடிக்கு 10 மில்லி திரும்பினால் நிறைய 6 விநாடி. அகலமான சிரை வழியாக விநாடிக்கு 30 மில்லி கொட்டினால் 2 விநாடியே போதும். எது மோசமான ஒழுகல்? இரண்டாவது. எந்த அறிக்கையில் பெரிய எண் இருக்கிறது? முதலாவதில்! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரியும் கணக்கு. ஆனாலும் அறிக்கையைக் கையில் வாங்கியதும் நாம் எல்லோரும் பெரிய எண்ணைக் கண்டு பயப்படுகிறோம்.

விநாடி 'பழுது உண்டா, இல்லையா' என்பதற்கு விடை. 'எவ்வளவு' என்பதற்கு விடை தேட வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். சிரையின் அகலம், வரைபடத்தில் அந்தக் குன்றின் உயரம், ஒழுகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் எப்படி இருக்கிறது, வீக்கம், தோல் கறுப்பு, புண் ஆகியவை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொருவரைச் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியர், நாற்பது வயது. சக ஆசிரியர்களோடு போய் ஏதோ ஒரு முகாமில் பரிசோதனை செய்துகொண்டார். வலது முட்டிக்குக் கீழே ஒரு சிறு பகுதியில் மட்டும் 0.7 விநாடி. உடனே லேசர் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று சொல்லி, செலவுக்கான தாளும் கொடுத்துவிட்டார்கள். சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுக்க விண்ணப்பம் எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நிற்கவைத்துப் பார்த்தேன். எண் சரிதான், 0.7 தான். ஆனால் சிரை 3 மில்லிமீட்டர். தொடையிலும் சந்திப்பிலும் ஒழுகல் இல்லை. காலில் வலியில்லை, வீக்கமில்லை, தோலில் மாற்றமில்லை. "சார், இந்த எண்ணுக்கு வைத்தியம் வேண்டாம். தொந்தரவு வந்தால் வாருங்கள்" என்று அனுப்பினேன். மூன்று ஆண்டு ஆகிறது, அவர் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறார்.

கணக்கு ஆசிரியைக்கு ஒழுகும் சிரையை வெப்பத்தால் அடைக்கும் சிகிச்சையும், காலில் இறுக்கமான கட்டும் போட்டார்கள். ஆழ்சிரைகள் நலமாக இருந்ததால் அதைத் துணிந்து செய்ய முடிந்தது. மூன்று மாதம் ஆறாத புண் அதன்பின் சில வாரங்களில் மூடியது. கறுத்த தோல் பழைய நிறத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு முன்பே சரியாக அளந்திருந்தால் அந்தக் கறுப்பே வராமல் இருந்திருக்கலாம்.

உங்களில் யாருக்காவது இந்த ஸ்கேன் எடுக்கச் சொன்னால், முடிந்தால் பள்ளி முடிந்த பிறகான நேரத்தைக் கேளுங்கள். இறுக்கமான காலுறை அணிகிறவர்கள் அன்று அதை அணிய வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இரண்டு காலையும் பார்க்க அரை மணிக்கு மேல் கூட ஆகலாம், அசையாமல் நிற்கும்போது சிலருக்கு மயக்கம் வரும். கண் இருண்டால் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிடுங்கள். படுக்க வைத்து எடுக்கத் தொடங்கினால், "நிற்கவைத்துப் பார்க்க மாட்டீர்களா?" என்று கேளுங்கள். நிற்க முடியாதவர்களுக்குச் சாய்வுக் கட்டிலில் கால் கீழே இருக்கும்படி வைத்துப் பார்க்கலாம், அல்லது உட்காரவைத்து முட்டிக்குக் கீழே பார்க்கலாம். அறிக்கையில் எந்த நிலையில் வைத்து எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

உரைக்கு முன் ஓர் ஆசிரியை சீட்டு ஒன்று கொடுத்தார். "நின்று நின்று பாடம் நடத்தியதால்தான் இது வந்ததா?" என்று அதில் கேட்டிருந்தார். குடும்பத்தில் இருப்பது, கருவுற்றிருந்த காலம், வயது, உடல் எடை எல்லாம் சேர்ந்து வருவது இது. நீண்ட நேரம் அசையாமல் நிற்பதும் அதில் ஒரு பங்கு, இருக்கும் தொந்தரவை அது கூட்டவும் செய்யும். அசையாமல் என்ற சொல்லைக் கவனியுங்கள். கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறவருக்கு ஆடுசதை ஒவ்வோர் எட்டிலும் பிழிகிறது. நான் ஸ்கேன் அறையில் ஒரு கையால் செய்வதை அது வகுப்பு முழுக்கச் செய்கிறது. அப்போது கணுக்காலில் அந்த 94 மி.மீ. அழுத்தம், வால்வுகள் நன்றாக இருந்தால், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.